சும்மா செய்து கொடுப்பது தேர்வு ஆகாது

நேர்காணல் முடிந்து இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு செய்தி வருகிறது. நீங்கள் அடுத்த சுற்றுக்கு வந்துவிட்டீர்கள், ஒரு சின்ன அசைன்மென்ட் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் முடித்து அனுப்புங்கள். இணைப்பைத் திறந்து பார்த்தால் முழுதாக நான்கு நாள் வேலை. வேலை உறுதி என்ற பேச்சும் இல்லை, செய்வதற்குப் பணம் என்ற பேச்சும் இல்லை. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: பேசாமல் செய்து கொடுத்துவிடு. திறமை இருக்கிறவருக்குச் செய்து காட்டுவதில் என்ன தயக்கம், நாலு நாள் போனால் போகிறது, கேள்வி கேட்டால் 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று ஓரம் கட்டிவிடுவார்கள். ஆள் எடுப்பவர்கள் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களும் கல்லூரி சீனியர்களும் இதையே சொல்கிறார்கள். இந்த அறிவுரை தவறு என்பதே என் வாதம். தன்மானத்தை முன்வைத்து இதைச் சொல்லவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையாகவே பல நாள் இலவச வேலை தோற்றுப்போகிறது. அளக்காத அளவுகோலைத் தேர்வு என்ற பெயரில் நீட்டினால் மறுக்கலாம். வாய்ப்புக் கதவைச் சாத்திக்கொள்ளாமலே மறுக்கலாம்.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கப்போகிற நிறுவனம், அவருக்கு வேலை தெரியுமா என்று பார்க்க விரும்புவது இயல்பு. வாயால் வடை சுடுபவர்கள் எந்தத் துறையிலும் உண்டு. ஆகவே தேர்வே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டரை அமர்த்துமுன் ஒரு கரண்டி சாம்பாரை ருசி பார்ப்பதை எந்த மாஸ்டரும் தவறாக நினைக்கமாட்டார். முகூர்த்தத்துக்கே வந்து பந்தி முழுக்கச் சமையுங்கள், பிடித்திருந்தால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறோம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போவார். எங்கே ருசி முடிந்து பந்தி தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. 'செய்து கொடுத்துவிடு' என்பவர்கள் இந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை. இரண்டு மணி நேரச் சோதனையையும் நான்கு நாள் உழைப்பையும் ஒரே சொல்லுக்குள் போட்டு, முன்னதற்குரிய நியாயத்தைப் பின்னதற்குக் கடன் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கோரிக்கையை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். சென்னை ஓஎம்ஆர் சாலையில் உள்ள ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனம், மாதம் 45,000 ரூபாய்ச் சம்பளத்தில் யூஐ டிசைனர் ஒருவரைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய அசைன்மென்ட்டில் இருப்பது இது: எங்கள் ஆப்பில் பொருளைக் கூடையில் போட்டதிலிருந்து பணம் கட்டி முடிக்கும் வரையுள்ள பன்னிரண்டு திரைகளையும் மறுவடிவமைக்க வேண்டும், ஃபிக்மாவில் தொட்டால் நகரும் மாதிரி வேண்டும், பட்டன், படிவம், பிழைச் செய்தி எல்லாவற்றுக்கும் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பாகங்கள் வேண்டும், கடைசியில் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் பகிர வேண்டும். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. வடிவமைப்பாளரின் சிந்தனையை மதிப்பிட, திரைகளைப் பார்த்து 'இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் போதும். திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அதைத் திருத்தப்போகிறவருக்குத்தான் தேவைப்படும். பிழைச் செய்திக்கும் வெற்றுத் திரைக்கும் தனித்தனிப் பாகங்கள் கேட்பதும் அப்படியே. ஒருவருக்குப் பாகம் கட்டத் தெரியுமா என்று பார்க்க ஒன்று போதும். எல்லாமும் வேண்டுமென்றால் அது டெவலப்பர் கையில் கொடுப்பதற்கான பட்டியல்.

இத்தகைய கோரிக்கை சோதனையா வேலையா என்று கண்டுபிடிக்க இன்னும் சில அடையாளங்கள் உண்டு. எல்லாவற்றிலும் நம்பகமானது, மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் இதே கேள்விதானா என்பது. உண்மையான தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். இல்லாவிட்டால் ஒருவர் விடையை இன்னொருவர் விடையோடு ஒப்பிட முடியாது. ஒருவருக்குச் செக்அவுட், இன்னொருவருக்கு முகப்புப் பக்கம், மூன்றாமவருக்கு வாடிக்கையாளர் கணக்குப் பக்கம் என்று பிரித்துக் கொடுத்தால் அங்கே ஒப்பீடு நடக்கவில்லை, வேலைப் பங்கீடு நடக்கிறது. எதை வைத்து மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டுப் பார்ப்பது அடுத்த வழி. தேர்வு வைப்பவரிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். அனுப்பியதற்குப் பிறகு 'கிளையன்ட் இந்த நிறம் வேண்டாம் என்கிறார், மாற்றித் தரமுடியுமா' என்று வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. விடைத்தாளைத் திருத்தி அனுப்பச் சொல்லும் தேர்வு உலகில் எங்கும் கிடையாது.

யாருக்குப் பயன் என்று பார்த்துக் கோடு போடுவது நானாகக் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்கு இரண்டு வழக்குகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நியாயம் தெளிவாகும். 1947-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த போர்ட்லாண்ட் டெர்மினல் வழக்கு, முதல் பார்வைக்கு எதிர்த்தரப்புக்குச் சாதகமானது. ரயில் யார்டில் பிரேக்மேன் வேலைக்கு வருபவர்கள் ஏழெட்டு நாள் சம்பளமில்லாமல் பயிற்சி பெற வேண்டியிருந்தது. அவர்கள் ஊழியர்கள் ஆகமாட்டார்கள், குறைந்தபட்ச ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. காரணம், அந்தப் பயிற்சியால் ரயில் நிறுவனத்துக்கு உடனடிப் பயன் ஏதுமில்லை. வழக்கமான ஊழியர்களே வேலையைச் செய்தார்கள். பயிற்சியாளர்களால் வேலை விரைவுபடவில்லை, சில நேரம் தடைப்படவும் செய்தது. 1989-இல் மக்லாக்லின் எதிர் என்ஸ்லி என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. நொறுக்குத்தீனி விநியோகம் செய்யும் ஒருவர், வேலைக்கு வருபவர்களை முதலில் ஐந்து நாள் சம்பளமில்லாமல் வண்டியோடு அனுப்பினார். அவர்கள் லாரியில் சரக்கை ஏற்றி இறக்கினார்கள், கடைகளில் அலமாரிகளை நிரப்பினார்கள், வேலையையும் கற்றுக்கொண்டார்கள். இங்கே நீதிமன்றம், பெரும்பயன் முதலாளிக்கே போனது, ஆகவே இவர்கள் ஊழியர்கள், ஊதியம் கொடுத்தாக வேண்டும் என்றது. ஏழெட்டு நாள் செல்லும் என்ற அதே சட்டம் ஐந்து நாள் செல்லாது என்கிறது. நாள் கணக்கு மட்டும் விஷயத்தைத் தீர்ப்பதில்லை, உழைப்பின் பலன் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே தீர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் நாள் கணக்குக்கும் ஒரு பொருள் உண்டு. நாள் கூடக்கூட அது சோதனைதான் என்ற வாதம் மெலிகிறது. பிரிட்டனில் சம்பளமில்லாச் சோதனை வேலையைத் தடைசெய்ய ஒரு தனிநபர் மசோதா வந்து, 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் போனது. ஆயினும் அதன்பின் வந்த அரசு வழிகாட்டி, ஒரு நாளுக்கு மேல் நீளும் சோதனைக்கு மிக அபூர்வமான சூழல்களைத் தவிர மற்றபடி குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்பதே அரசின் பார்வை என்கிறது. ஆஸ்திரேலியாவின் நியாயப் பணி குறைதீர்ப்பாளர் அலுவலகம், திறமையைக் காட்டத் தேவைப்படும் நேரம் ஒரு மணியிலிருந்து அதிகபட்சம் ஒரு ஷிப்ட் என்று வரையறுத்து, மேற்பார்வையாளர் நேரில் இருந்து கவனிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனை கவனிக்கத்தக்கது. தேர்வு என்றால் பார்ப்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும். நான்கு நாள் வீட்டில் உட்கார்ந்து செய்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. முடிவில் வரும் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் எப்படியோ இருக்கட்டும், செய்யவைத்துப் பார்ப்பதுதானே ஆளைக் கணிக்கச் சிறந்த வழி என்பார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆய்வுப் பின்னணி இருக்கிறது. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, ஆள்தேர்வு முறைகளில் எது பின்னாள் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று பட்டியலிட்டார்கள். மாதிரி வேலை கொடுத்துப் பார்ப்பது 0.54 மதிப்போடு முதலிடத்தில் நின்றது. 'செய்து காட்டச் சொல்' என்ற கொள்கை இன்றும் அந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கிறது. ஆனால் 2022-இல் சாக்கெட்டும் அவருடன் பணிபுரிந்தோரும் அந்தக் கணக்கில் இருந்த திருத்தமுறையையே கேள்விக்குள்ளாக்கி மறுபடி கணக்கிட்டபோது வரிசை மாறிவிட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42-உடன் மேலே வந்தது. மாதிரி வேலை 0.33-க்கு இறங்கியது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வுகள் சொல்லும் மாதிரி வேலை என்பது வரையறுத்த சூழலில், எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்து, முன்பே தீர்மானித்த புள்ளிமுறையில் மதிப்பிடுவது. ஆளுக்கொரு பக்கத்தைக் கொடுத்து, வீட்டிலிருந்து வாங்கி, 'பார்த்தோம், பிடிக்கவில்லை' என்று முடிப்பதற்கு அந்த 0.33-கூடச் சொந்தமில்லை.

நல்ல கேள்விகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும் கணிப்பை விட்டுவிட்டு நான்கு நாள் வேலை வாங்கும்போது, தேர்வு வேறு எதையோ அளக்கத் தொடங்குகிறது: யாருக்கு நான்கு நாள் ஓய்வாக இருக்கிறது என்பதை. ஐடி துறையில் அறுபது, தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலம் சாதாரணம். அதில் இருக்கிறவர் பகலெல்லாம் பழைய அலுவலகத்தின் பொறுப்புகளை ஒப்படைத்துக்கொண்டிருப்பார். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் இரவு மட்டுமே மிச்சம். போதாததற்கு, இப்போது வேலையில் இருப்பவர்களின் ஒப்பந்தத்தில் வெளிவேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். போட்டி நிறுவனத்தின் ஆப்புக்கு நான்கு நாள் வேலை செய்து கொடுத்தது வெளியே தெரிந்தால் கையிலிருக்கும் வேலைக்கே ஆபத்து. அனுபவமும் பொறுப்பும் உள்ளவர்கள் இப்படி ஒவ்வொருவராக விலக, எஞ்சுவோரிலிருந்து நிறுவனம் தன் ஆளைப் பொறுக்குகிறது. பிறகு, சந்தையில் நல்ல ஆளே கிடைப்பதில்லை என்று வருத்தப்படுகிறது.

இங்கே வரும் வலுவான ஆட்சேபம் போலி அனுபவச் சான்றிதழ் பற்றியது. நம் ஊரில் மூன்று வருட அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், பொய் ரெஸ்யூமேக்களுக்கு நடுவில் உண்மையான ஆளை வேறெப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார்கள். கவலை நியாயமானது, ஆனால் மருந்து நோய்க்குப் பொருந்தவில்லை. ஒருவர் முன்பு எங்கே வேலை செய்தார் என்று அறிய பின்னணிச் சரிபார்ப்பு இருக்கிறது. பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணில் எந்த நிறுவனத்தில் எப்போதிலிருந்து எப்போது வரை என்ற பணி வரலாறே பதிவாகியிருக்கும். கைத்திறனை அறிய, திரையைப் பகிரச் சொல்லி ஒன்றரை மணி நேரம் எதிரில் செய்யவைக்கலாம். மோசடிக்காரருக்கு மிக வசதியான தேர்வு, யாரும் பார்க்காமல் வீட்டில் பல நாள் செய்து அனுப்பும் தேர்வுதான். சான்றிதழைக் காசுக்கு வாங்கியவருக்கு அசைன்மென்ட்டைக் காசுக்குச் செய்து தர ஓர் ஆள் பிடிக்கத் தெரியாதா? போலியைப் பிடிக்கிறோம் என்று சொல்லி, போலி எளிதில் நுழையும் வாசலைத்தான் அகலத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் குழுவோடு எப்படிப் பழகுவார், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்று தெரியாதே என்றால், உண்மை, தெரியாது. அதற்காகத்தான் பெரும்பாலான நியமன ஆணைகளில் மூன்று மாதமோ ஆறு மாதமோ தகுதிகாண் பருவம் என்று ஒன்று இருக்கிறது. குறுகிய நோட்டீஸில் அனுப்பிவிடும் உரிமையோடு, சம்பளம் கொடுத்து, பல வாரம் கூடவே வைத்துப் பார்க்க அது போதும். அதற்கும் முன்பே சோதிக்க வேண்டும் என்பவர்களுக்கும் முன்மாதிரி உண்டு. வேர்ட்பிரஸ் தளத்தின் பின்னால் உள்ள ஆட்டோமேட்டிக் நிறுவனம் நேர்காணலை நம்பாமல், விண்ணப்பதாரர்களைச் சில வாரங்கள் உண்மையான வேலையில் ஈடுபடுத்திப் பார்த்துத்தான் எடுத்துவந்தது. அதன் தலைவர் மேட் முல்லன்வெக் 2014-இல் அந்த முறையை விளக்கி எழுதியபோது, சோதனையில் இருப்பவர்களுக்கு மணிக்கு 25 டாலர் கொடுக்கிறோம் என்றும், இருக்கும் வேலையை விடாமல் இரவிலோ வார இறுதியிலோ செய்யலாம் என்றும் சொன்னார். நீண்ட சோதனையின் பலனில் உலகிலேயே அதிக நம்பிக்கை வைத்தவர்களில் ஒருவர் அதற்குப் பணம் கொடுத்தார் என்பதை, இங்கே அவர் முறையை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சின்ன நிறுவனம், இதற்கெல்லாம் பணமில்லை என்பது அடுத்த சமாதானம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 45,000 என்றால், இருபத்தாறு வேலைநாளுக்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,730 ரூபாய். நான்கு நாள் உழைப்பின் விலை சுமார் 6,900. இறுதிச் சுற்றில் இருவரை மட்டும் வைத்து இருவருக்கும் கொடுத்தால் 14,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கமிஷனாகக் கொடுப்பது வழக்கம். இந்த வேலைக்கு அது 45,000. ஆளைக் கொண்டுவந்தவருக்கு 45,000 எடுத்து வைக்கும் நிறுவனத்துக்கு, உழைத்தவருக்கு 6,900 கொடுக்க முடியவில்லை என்பது நம்பும்படி இல்லை. இன்னொரு பக்கம், எட்டுப் பேரிடம் இலவசமாகக் கேட்டால் முப்பத்திரண்டு மனித நாள் உழைப்பு கிடைக்கிறது. ஒரு முழு மாதத்துக்கும் மேல். பணம் கொடுக்க வேண்டியிருந்தால் எட்டுப் பேரிடம் கேட்கமாட்டார்கள், முதலில் ரெஸ்யூமேயையும் பழைய படைப்புகளையும் ஒழுங்காகப் பார்த்து இரண்டு பேராகச் சுருக்குவார்கள். இலவசம் என்பதால்தான் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பதாரரின் நேரத்துக்கு விலை வைத்தால் நிறுவனத்தின் தேர்வே கூர்மையாகும்.

இந்தியச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? நியமனத்துக்கு முந்தைய சோதனை வேலை என்று பெயர் சொல்லி வகுத்த விதி இங்கே இல்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டங்கள் ஊழியரைப் பற்றிப் பேசுகின்றன. விண்ணப்பதாரர் ஊழியரா என்பது வாதத்துக்குரியது. ஆனால் எதிரே உள்ளவர்கள் எதிர்பாராத இடத்தில் சட்டம் விண்ணப்பதாரர் பக்கம் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். பணி ஒப்பந்தத்தின் கீழ் செய்த வேலையென்றால்தான் உரிமை முதலாளிக்குப் போகும். வேலையே கொடுக்காதவரிடம் பணி ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? உரிமையை எழுதிக் கொடுத்தாலன்றி மாற்ற முடியாது என்கிறது 19-ஆவது பிரிவு. ஆகவே சோதனைக்காக அனுப்பிய திரைகள், எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை, அனுப்பியவருக்கே சொந்தம். நிறுவனம் அவற்றைத் தன் ஆப்பில் போட்டால் அது உரிமை மீறல். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, இனாமாகக் கொடுக்கும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அவர் ஈடுகட்ட வேண்டும் என்கிறது. 6,900 ரூபாய்க்காக யாரும் வக்கீல் வைக்கப்போவதில்லை என்பது தெரிந்ததே. ஆனால் கடிதத்தில் எழுதும் ஒரு வரிக்கு இந்தப் பிரிவுகள் முதுகெலும்பாக நிற்கும்.

இனி அந்தக் கடிதம். அதற்கு முன் அது யாருக்குப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்பவர் கன்சல்டன்சிக்காரர் என்றால் நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன். அசைன்மென்ட்டை எழுதியதும் மதிப்பிடப்போவதும் அவர் அல்ல. அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை, அவர் நிறுவனத்துக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்யக்கூடிய பதிலைக் கொடுப்பதில்தான் பயன். ஆகவே குற்றச்சாட்டு கூடாது, புலம்பல் கூடாது, மாற்று வழி இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். அடுத்த சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. அனுப்பிய அசைன்மென்ட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு திரைகளும் பாகங்களும் சேர்த்துச் செய்ய எனக்கு நான்கு முழு நாட்கள் ஆகும். அந்த அளவு வேலையை ஊதியமில்லாமல் எடுத்துக்கொள்வதில்லை. என் திறனை நீங்கள் பார்ப்பதற்கு மூன்று வழிகளை முன்வைக்கிறேன். முன்பு நான் செய்த ஒரு செக்அவுட் வேலையை ஒரு மணி நேரம் உங்கள் குழுவுக்கு விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அல்லது உங்கள் குழுவில் ஒருவர் முன்னிலையில், நீங்கள் கொடுக்கும் ஒரு கற்பனைச் சிக்கலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு திரையை வடிவமைத்துக் காட்டுகிறேன். முழு அசைன்மென்ட்டும் வேண்டுமென்றால் நான்கு நாளுக்கு 7,000 ரூபாய் என்ற கட்டணத்தில் செய்து தருகிறேன். பணம் வந்ததும் மூலக் கோப்பையும் அதன் உரிமையையும் எழுத்தில் ஒப்படைக்கிறேன். உங்களுக்கு எது வசதி என்று சொல்லுங்கள். இந்த வாரம் வியாழன், வெள்ளி மாலைகளில் நேரம் இருக்கிறது."

இந்தக் கடிதத்தில் மறுப்பு ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்கு முன் வேலையின் அளவு எண்ணில் இருக்கிறது. 'நிறைய வேலை' என்றால் அது அபிப்பிராயம், 'நான்கு முழு நாள்' என்றால் நிறுவனம் சரிபார்க்கக்கூடிய கூற்று. சில நேரம் அசைன்மென்ட் எழுதியவரே அதை அரைநாள் வேலை என்று தவறாக நினைத்திருக்கக்கூடும். இந்த எண் அவருக்கும் உதவும், அளவைக் குறைத்து அனுப்பவும் வழி செய்யும். மூன்றாவது வழியில் கட்டணத்தோடு உரிமை பற்றிய வரியும் வருவதால், மூலக் கோப்பு சும்மா வராது என்பது கோபமில்லாமலே புரிந்துவிடுகிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்ற வரி வேண்டாம். முடிவைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

நீங்கள் மறுத்தால் வரிசையில் அடுத்தவர் செய்து கொடுப்பார், வேலை அவருக்குப் போகும் என்பது கடைசி ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது, மழுப்பத் தேவையில்லை. சில இடங்களில் வாய்ப்பு போகும். ஆனால் செய்து கொடுத்தவருக்கு வேலை கிடைக்கும் என்பது இதிலிருந்து வராது. எட்டுப் பேர் செய்தால் அதிகபட்சம் ஒருவருக்கு வேலை. மற்ற ஏழு பேருக்கு நான்கு நாள் நட்டம். அறிவுரை சொல்பவர்கள் கிடைத்த ஒருவரை உதாரணம் காட்டுகிறார்கள், ஏழு பேர் எந்த உதாரணத்திலும் வருவதில்லை. அதே நான்கு நாளில் வேறு நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போகலாம் என்பதையும் சேர்த்துத்தான் நட்டத்தைப் போட வேண்டும். ஆயினும் வாடகை கட்டப் பணமில்லாத, முதல் வேலை தேடும் ஒருவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கலாம். அவரைக் குறை சொல்ல இந்தக் கட்டுரைக்கு உரிமை இல்லை. அவர் செய்யத் தீர்மானித்தால் நேரத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம்: பன்னிரண்டு திரையில் மூன்றை மட்டும் முழுதாகச் செய்து, மற்றவற்றுக்கு அணுகுமுறையை ஒரு பக்கத்தில் எழுதலாம். மூலக் கோப்புக்குப் பதில் பெயர் பொறித்த பிடிஎஃப் அனுப்பலாம். 'மதிப்பீட்டுக்காக மட்டும் அனுப்பப்படுகிறது; உரிமைகள் என்னிடமே உள்ளன' என்று மின்னஞ்சலில் ஒரு வரி சேர்க்கலாம். உண்மையில் மதிப்பிட விரும்புகிறவருக்கு இதில் எதுவும் குறையாது. பயன்படுத்த விரும்புகிறவருக்குத்தான் குறையும்.

கடிதம் போனபின் வரும் பதில், நேர்காணலில் விண்ணப்பதாரர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைச் சொல்லிவிடும். இரண்டு மணி நேரச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு ஆள் தேவை. பணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் நிறுவனத்துக்கு ஆளும் தேவை, வேலையும் தேவை, இரண்டின் விலையும் தெரியும். 'எங்கள் நடைமுறை இதுதான், எல்லோரும் செய்கிறார்கள்' என்று மட்டும் எழுதும் நிறுவனம் சிந்திக்காமல் யாரையோ பார்த்துக் காப்பியடித்திருக்கலாம்; ஒருமுறை நேரில் பேசிப் பார்க்கத் தக்கது. மூன்று வழியையும் தள்ளிவிட்டு மூலக் கோப்பு மட்டும் வேண்டும் என்கிற நிறுவனம், சம்பளம் தருவதற்கு முன்பே சம்பளத்தைப் பற்றிய தன் கொள்கையைச் சொல்லிவிட்டது. அங்கே சேர்ந்தால் சனிக்கிழமை வேலைக்கும் இரவு வேலைக்கும் இதே பேச்சுத்தான் வரும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மின்னஞ்சல் போதுமென்றால், நான்கு நாளைச் செலவழிக்கச் சொல்லும் அறிவுரையை யாரும் கேட்க வேண்டியதில்லை.